குறிப்பேட்டின் முதல் இரு தாள்கள்

பள்ளி திறந்து மூன்று வாரம் கடந்த ஒரு வெள்ளிக்கிழமை. அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் 9ஆம் வகுப்பு மாணாக்கர் இறுதிப் பாடவேளைக்காகக் காத்திருந்தனர். தமிழாசிரியர் 12ஆம் வகுப்பு மாணவி ஒருத்தியை உடன் அழைத்து வந்தார். "ஆண்டு முழுவதும் குறிப்பேட்டை எப்படிச் சீராக வைத்துக்கொள்வது என்பதைப் பற்றி உங்கள் அக்கா சிறிது நேரம் பேசுவாள், ஐயம் இருப்பின் அவளையே கேளுங்கள்" என்று கூறிவிட்டு அவர் பின்வரிசையில் சென்று அமர்ந்தார்.

இத்தகைய பேச்சுகள் பெரும்பாலும் ஒரே வகையில் அமைவன. நாள்தோறும் எழுதுக, அழகாக எழுதுக, அடித்தல் திருத்தல் இன்றி எழுதுக என்பனவற்றோடு அவை முடிந்துவிடும். இவை பொய்யல்ல, ஆயினும் கேட்போர் இவற்றை முன்பே பலமுறை கேட்டிருக்கின்றனர். ஏட்டில் எந்த இடத்தில் எதனை எழுதுவது என்று சொல்வார் அரியர். அந்த மாணவியோ வேறு வகையில் தொடங்கினாள். தான் கொண்டு வந்திருந்த பழைய குறிப்பேட்டிலிருந்து மடிப்புக் கலையாத இரண்டு தனித்தாள்களை எடுத்துக் காட்டினாள்.

"தம்பிகளே, தங்கைகளே! நான் உங்கள் வகுப்பில் படித்தபோது ஆடி மாதத்தில் காய்ச்சலால் ஐந்து நாள் பள்ளிக்கு வரவில்லை. அந்த நாள்களில் ஐயா வல்லினம் மிகும் இடங்களையும் மிகா இடங்களையும் நடத்தி முடித்துவிட்டார். திரும்பி வந்ததும் தோழியின் ஏட்டை வாங்கி இந்த இரண்டு தாள்களிலும் பெயர்த்து எழுதினேன். இவற்றால் நேர்ந்ததைச் சொல்கிறேன்" என்றாள்.

நேர்ந்தது இது. தோழியின் ஏட்டில் மிகும் இடங்கள் ஒரு பக்கத்தில் முடிந்திருந்தன. அப்பக்கத்தின் கடைசி வரியில் 'வல்லினம் மிகா இடங்கள்' என்னும் தலைப்பு மட்டும் இருந்தது. அத்தலைப்பின் கீழ் வரவேண்டிய செய்திகள் மறுபக்கத்தில் தொடர்ந்தன. இவள் முதல் நாள் மாலையில் ஒரு பக்கத்தை எழுதினாள். தனித்தாளில் இடம் தீர்ந்துவிட்டமையால் கடைசி வரியை மறுநாள் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டாள். மறுநாள் புதிய தாளை எடுத்தபோது அவ்வரியை மறந்து, மறுபக்கச் செய்திகளைத் தொடங்கிவிட்டாள். இரண்டு தாள்களும் ஏட்டின் நடுவே செருகப்பட்டு ஐந்து திங்கள் அங்கேயே கிடந்தன.

அரையாண்டுத் தேர்வுக்கு முன்னாள் அத்தாள்களை எடுத்து ஒரே மூச்சில் படித்தாள். இரண்டாம் வேற்றுமை உருபை அடுத்து வல்லினம் மிகும். நான்காம் வேற்றுமை உருபை அடுத்தும் மிகும். அவ்வாறே வினைத்தொகையிலும் உம்மைத்தொகையிலும் மிகும் என்று மனத்தில் பதிந்துவிட்டது. பிந்திய இரண்டும் மிகாத இடங்கள் என்பதைக் காட்டும் தலைப்பு தாளில் இல்லை. தேர்வில் பிழை நீக்கி எழுதும் வினா வந்தது. 'பாடத்தை படித்தான்' என்று இருந்ததைப் 'பாடத்தைப் படித்தான்' என்று செம்மையாகத் திருத்தினாள். அதே ஊக்கத்தோடு 'ஊறுகாய்' என்று சரியாக இருந்ததை 'ஊறுக்காய்' என்றும், 'இரவுபகல்' என்பதை 'இரவுப்பகல்' என்றும் திருத்தி வைத்தாள்.

வகுப்பில் சிரிப்பொலி எழுந்தது. அவளும் சிரித்தாள். "எங்கள் வீட்டில் நாள்தோறும் ஊறுகாய் உண்டு. ஒருவரும் அதை ஊறுக்காய் என்று சொன்னதில்லை. ஆனாலும் தாளில் எழுதியிருந்ததை நம்பினேன், நாக்கில் இருந்ததை நம்பவில்லை" என்றாள்.

இந்நிகழ்ச்சியில் கருதத் தக்கது ஒன்று உண்டு. அவள் சோம்பியிருக்கவில்லை. காய்ச்சல் நீங்கியவுடன் இரண்டு மாலைப் பொழுது அமர்ந்து எழுதியிருக்கிறாள். கையெழுத்தும் அழகாகவே இருந்தது. ஒரு வரி விடுபட்டதும், அது விடுபட்டது என்று அறிவிக்கும் அடையாளம் ஒன்றும் இல்லாமையுமே குற்றம். தாளுக்கு எண் இருந்ததா? இல்லை. இரண்டாம் தாளின் தலையில் பொருளின் பெயர் இருந்ததா? அதுவும் இல்லை. ஆதலின் ஐந்து திங்கள் கழித்து அத்தாள் தன்னைப் பற்றித் தானே ஒன்றும் சொல்ல மாட்டாததாயிற்று.

பின்னர் அவள் தன் இப்போதைய தமிழ்க் குறிப்பேட்டைத் திறந்து முதல் பக்கத்தைக் காட்டினாள். அது 192 பக்கம் கொண்டது. கடையில் வாங்கும்போது எண் அச்சிடப்படாத ஏடே. வாங்கிய அன்றே ஒவ்வொரு பக்கத்தின் மேல் மூலையிலும் 1 முதல் 192 வரை எண் இட்டுவிட்டாள். முதல் இரு தாள்களை, அதாவது நான்கு பக்கங்களை, ஒன்றும் எழுதாமல் விட்டு, ஐந்தாம் பக்கத்தில் பாடத்தைத் தொடங்கியிருந்தாள். அந்த நான்கு பக்கங்களே பொருளடக்கம். ஒரு பொருள் புதிதாகத் தொடங்கும் நாளின் மாலையில் அங்கே ஒரு வரி ஏறும். அவ்வரியில் நாள், பொருளின் பெயர், பக்க எண் ஆகிய மூன்றும் இருக்கும். ஒரு பக்கத்தில் இருபது வரி என்று கொண்டாலும் நான்கு பக்கத்தில் எண்பது வரி ஆகும். ஓராண்டில் ஒரு பாடத்தில் அத்தனை பொருள்கள் வருவதில்லை. ஆதலின் ஒவ்வொரு வரிக்கும் கீழே சிறிது வெற்றிடம் விட்டும் எழுதலாம்.

முன்னிருக்கையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "அக்கா, பாடப் புத்தகத்திலேயே பொருளடக்கம் இருக்கிறதே, நாமும் ஏன் எழுத வேண்டும்?" என்று வினவினாள்.

நல்ல வினா அது. விடையும் அதற்கேற்ப நன்றாகவே அமைந்தது. "புத்தகம் பொருள் முறையில் அமைந்தது, நம் ஏடு நாள் முறையில் அமைந்தது. ஐயா இன்று ஒற்று மிகும் இடங்களைச் சொல்வார். இரண்டு மாதம் கழித்து ஒரு செய்யுளை நடத்தும்போது, அதில் வரும் ஒரு சொல்லைக் காட்டி, இங்கே ஏன் ஒற்று மிகுந்தது என்று விளக்குவார். கட்டுரைத் தாளைத் திருத்திக் கொடுக்கும்போது, வகுப்பில் பலரும் செய்த ஒற்றுப் பிழைகளைக் கரும்பலகையில் எழுதுவார். மூன்றும் ஒரே பொருள். ஆனால் என் ஏட்டில் அவை 27ஆம் பக்கத்திலும் 61ஆம் பக்கத்திலும் 104ஆம் பக்கத்திலும் கிடக்கும். தேர்வில் நாள் முறையிலா கேட்பார்கள்?" என்றாள்.

பொருளடக்கத்தில் தான் செய்யும் சிறு வேலையை அதன்பின் கரும்பலகையில் எழுதியே காட்டினாள்: 'வல்லினம் மிகும் இடங்கள் – 27, 28; 61; 104.' முதலில் அவ்வரியில் 27, 28 என்பன மட்டுமே இருந்தன. பிறகு அதே பொருள் வந்தபோது புதிய வரி தொடங்காமல், பழைய வரியின் இறுதியிலேயே 61 என்று சேர்த்தாள்; அடுத்து 104 என்று சேர்த்தாள். அதனோடு நில்லாமல் 28ஆம் பக்கத்தின் அடியில் '61 காண்க' என்றும், 61ஆம் பக்கத்தின் தலையில் '28இன் தொடர்ச்சி' என்றும் குறித்தாள். இதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிடமே. ஆனால் தேர்வுக்கு முன்னாள் அந்த ஒற்று வரியைப் பிடித்துக்கொண்டு மூன்று இடங்களையும் அடுத்தடுத்துப் பார்த்துவிடலாம். இவ்வரி இல்லாவிட்டால், 61ஆம் பக்கத்துச் செய்யுள் விளக்கத்தின் நடுவே ஒற்றைப் பற்றிய குறிப்பு இருப்பதே நினைவுக்கு வராது. இல்லை என்று தெரிந்த ஒன்றைத் தேடலாம். இருப்பதே மறந்துபோனதை எவ்வாறு தேடுவது?

இம்முறை புதிதன்று. உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியையும் 1894ஆம் ஆண்டில் புறநானூற்றையும் அச்சிட்டு வெளியிட்டார். இவ்வாறு அவர் வெளியிட்ட பழந்தமிழ் நூல்களில் அரும்பத அகராதி சேர்ந்திருப்பதைக் கற்போர் அறிவர். நூல் செய்யுள் முறையில் செல்லும். தேடுவோனோ ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு வருவான். அவனை உரிய செய்யுளில் கொண்டு சேர்ப்பது அகராதி. அச்சிட்ட நூலுக்குப் பதிப்பாசிரியர் இதனைச் செய்துவிடுகிறார். கையால் எழுதிய ஏட்டுக்கு அதனை உடையவனே பதிப்பாசிரியன். வேறு ஒருவரும் வந்து செய்து கொடார்.

பள்ளிக்கு வாராத நாள்களைப் பற்றி அம்மாணவி கூறியது, அவள் பட்ட துன்பத்திலிருந்து பிறந்தமையால், மிகவும் தெளிவாக இருந்தது. தமிழ்ப் பாடத்தில் தன் ஏட்டில் வாரத்துக்கு ஐந்து அல்லது ஆறு பக்கம் நிறைகிறது என்று அவள் கணக்கிட்டு வைத்திருக்கிறாள். ஆகவே ஒரு வாரம் வாராதிருந்தால், திரும்பிய நாளில் ஆறு பக்கங்களை வெற்றிடமாக விட்டு ஏழாவது பக்கத்தில் அன்றைய பாடத்தைத் தொடங்குகிறாள். விட்ட பக்கங்களில் தான் வாராத நாள்களைப் பென்சிலால் குறித்து வைக்கிறாள். தனித்தாளில் எழுதுவதே இல்லை. வெற்றிடம் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். செருகிய தாளோ நிறைந்தது போன்ற மயக்கத்தைத் தரும் என்பது அவள் கருத்து.

பிறர் ஏட்டைப் பார்த்து எழுதும் பக்கங்களின் தலையில் அவள் பென்சிலால் ஒரு சுழி இடுகிறாள். அது, 'இஃது இன்னும் ஒப்பு நோக்கப்படவில்லை' என்பதற்கு அடையாளம். பாடப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்த பின்னரோ, ஆசிரியரைக் கேட்டுத் தெளிந்த பின்னரோதான் சுழியை அழிக்கிறாள். தோழி பிழையாக எழுதியிருக்கக் கூடும். தான் பிழையாகப் பெயர்த்திருக்கவும் கூடும். மேலும், ஒரு பொருள் அடுத்த பக்கத்துக்குச் சென்றால் அப்பக்கத்தின் தலையிலும் தலைப்பை மீண்டும் எழுதி, அருகே 'தொடர்ச்சி' என்று சேர்க்கிறாள். இந்த ஒரு சொல் அன்று இருந்திருந்தால் ஊறுகாய்க்கு அந்த இன்னல் நேர்ந்திராது.

இங்கே ஒரு மாணவன், "அக்கா, தோழர் ஏட்டைச் செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டால் போதாதா?" என்றான். பலரும் கேட்க நினைத்திருந்த வினா என்பது அவர்கள் நிமிர்ந்து அமர்ந்ததிலிருந்து தெரிந்தது. அவள் அதனை வெறுத்துப் பேசவில்லை. "எடுத்துக்கொள், தம்பி. ஏட்டை உடனே திருப்பிக் கொடுத்துவிடலாம், அது நல்லதுதான். ஆனால் படத்துக்கு உன் ஏட்டில் பக்க எண் கிடையாது. பத்து நாளில் அது திருவிழாப் படங்களுக்கும் கிரிக்கெட் படங்களுக்கும் அடியில் போய்விடும். அந்த வாரத்துக்குள் பார்த்து எழுதிவிட்டால் படம் உதவி, எழுதாவிட்டால் அது என்னுடைய இந்தத் தனித்தாள் போன்றதுதான்" என்றாள்.

வகுப்பில் ஓர் ஏட்டிலும் வீட்டில் மற்றோர் ஏட்டிலும் எழுதும் வழக்கத்தைப் பற்றி அவள் கூறியது சிலருக்கு வியப்பாக இருந்திருக்கும். மாணாக்கர் இவற்றை 'ரஃப் நோட்டு' என்றும் 'ஃபேர் நோட்டு' என்றும் வழங்குவர். அவள் 10ஆம் வகுப்பிலேயே இரண்டாவது ஏட்டை விட்டுவிட்டாளாம். "தொடக்கத்தில் அன்றன்று பெயர்த்து எழுதினேன். பிறகு வாரத்துக்கு ஒருமுறை ஆயிற்று. காலாண்டுத் தேர்வு வந்தபோது நல்ல ஏடு ஜூலை மாதத்தோடு நின்றிருந்தது. அடுத்த பாடங்கள் எல்லாம் மற்ற ஏட்டில் தலைப்பின்றிக் கிடந்தன. ஒரு முழு ஏட்டுக்குப் பதிலாக இரண்டு அரை ஏடுகள் இருந்தன" என்றாள்.

இக்கருத்தை எல்லாரும் ஒப்புவர் என்று சொல்ல இயலாது. கையெழுத்துப் படியாத இளம் வகுப்பினர்க்குப் பெயர்த்தெழுதுதல் நல்ல பயிற்சியே. ஆனால் 9ஆம் வகுப்புக்கு வந்தவர்க்கு அது பெரும்பாலும் கண்ணும் கையும் செய்யும் வேலையாக முடிந்துவிடுகிறது. கருத்து அதில் செல்வதில்லை. வரி விடுபட்டாலும் கை நிற்பதில்லை என்பதற்கு அவள் காட்டிய தனித்தாள்களே சான்று. ஏட்டின் அழகைக் கண்டு மதிப்பிடும் வழக்கம் பள்ளிகளில் இருக்கும்வரை இரட்டை ஏடு போகாது. பொருளடக்கத்தைப் பார்த்து, ஒரு பொருளைச் சொல்லி, அதனை அரை நிமிடத்தில் எடுத்துக் காட்டுமாறு மாணவனைக் கேட்கும் ஆசிரியர் ஏட்டின் உண்மையான நிலையை உடனே அறிந்துகொள்வார்.

பெயர்த்தெழுதும் நேரத்தை அவள் ஞாயிற்றுக்கிழமையில் இருபது நிமிடமாகச் சுருக்கிக்கொண்டாள். அப்போது அந்த வாரத்தில் எழுதிய ஐந்தாறு பக்கங்களைப் புரட்டுகிறாள். தலைப்பு இல்லாத பக்கத்துக்குத் தலைப்பு இடுகிறாள். பொருளடக்கத்தில் ஏறாதது உண்டா என்று பார்க்கிறாள். அதன்பின் அவள் செய்வதே சிறப்பானது. எழுதியுள்ள ஒவ்வொரு விதிக்கும் அருகில், புத்தகத்தில் இல்லாத எடுத்துக்காட்டு ஒன்றைத் தன் வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் எடுத்து எழுதுகிறாள்.

கேட்பவர்க்கு விளங்கும்படி அதனையும் செய்து காட்டினாள். பண்புத்தொகையில் வல்லினம் மிகும் என்பது விதி. 'பச்சைக்கிளி' புத்தகத்தில் உள்ளது. 'வெள்ளைச்சட்டை' அவள் தம்பியின் சீருடையிலிருந்து வந்தது. மிகுந்து ஒலிப்பதைக் காதே சொல்கிறது. வினைத்தொகையில் மிகாது என்பது விதி. அடுக்களையை நோக்கினால் 'ஊறுகாய்', 'சுடுசோறு', 'குடிதண்ணீர்' மூன்றும் நிற்கின்றன. ஒருகால் விதியைத் தவறாக எழுதியிருந்தாலும், எடுத்துக்காட்டு அதனோடு ஒட்டாமல் முரண்டு செய்யும். அந்த முரண்பாடு தோன்றிய இடத்தில் பென்சில் சுழி இட்டுத் திங்கட்கிழமை ஐயாவைக் கேட்டுவிடலாம். பிழை ஒரு வாரத்துக்கு மேல் ஏட்டில் குடியிருக்க இயலாது.

காதையே முற்றும் நம்பலாகாது என்பதையும் அவள் கூறத் தவறவில்லை. 'குடித்தண்ணீர்' என்று சொல்வோரும் எழுதுவோரும் உளர். ஆகையால் ஓர் எடுத்துக்காட்டோடு நில்லாமல் இரண்டு மூன்று எழுதிப் பார்க்க வேண்டும். அவை தம்முள் மாறுபட்டால் புத்தகத்தைத் திறக்க வேண்டும்.

இம்முறை எல்லாப் பாடத்துக்கும் ஒத்து வருமா என்று கேட்டபோது, வாராது என்று உடனே ஒப்புக்கொண்டாள். கணக்கில் பயிற்சி எண்ணே பொருளடக்கமாகிவிடுகிறது. அங்கே தான் பிழை செய்த கணக்குகளின் எண்களை மட்டும் கடைசிப் பக்கத்தில் குறித்து வருகிறாளாம். ஏடு ஆண்டு நடுவில் தீர்ந்துவிட்டால், அடுத்த ஏட்டில் மீண்டும் 1 என்று தொடங்காமல் 193 என்று தொடங்க வேண்டும். அப்போது பழைய பொருளடக்கத்தின் ஒற்று வரியிலேயே 207 என்று சேர்க்கலாம். அது இரண்டாம் ஏட்டில் உள்ளது என்பது எண்ணிலிருந்தே புலப்படும்.

மணி அடிக்கச் சில நிமிடங்கள் இருந்தன. பின்வரிசை மாணவன் ஒருவன் அதற்குள் தன் ஏட்டுக்கு எண் இடத் தொடங்கியிருந்தான். அவன் தயக்கத்தோடு எழுந்து, "அக்கா, நான் இதில் ஐந்தாறு தாள் கிழித்துவிட்டேன். கிழித்த தாளுக்கும் எண் விட வேண்டுமா?" என்றான்.

அவள் அவன் ஏட்டை வாங்கிப் பார்த்தாள். அது நடுவில் தைத்த ஏடு. முன்பகுதியில் கிழித்த தாள்களின் இணைத்தாள்கள் பின்பகுதியில் தையல் பிடியின்றித் தளர்ந்து தொங்கின. அத்தகைய ஏட்டில் 5, 6ஆம் பக்கங்கள் உள்ள தாளும் 187, 188ஆம் பக்கங்கள் உள்ள தாளும் ஒரே காகிதம். ஜூன் மாதத்தில் ஒன்றைக் கிழித்தால் மார்ச் மாதத்தில் எழுத வேண்டிய மற்றொன்று உதிர்ந்துவிடும். தளர்ந்த தாள்களை அவள் மெல்ல இழுத்து எடுத்து மேசைமேல் வைத்தாள். "இருக்கிற பக்கங்களுக்கு மட்டும் எண் இடு, தம்பி. இனி ஒன்று போனால் எண்ணே உன்னிடம் சொல்லிவிடும்" என்றாள்.

அவன் அமர்ந்து முதலிலிருந்து எண்ணத் தொடங்கினான். மணி அடித்தபோது 44ஆம் பக்கத்தில் இருந்தான்.